மிச்சம் வைக்கத் தெரிந்தவள்

சொம்பின் மூடி திறந்ததும் புகையோடு வெளியே வந்து நின்றேன். காந்தா அலறவில்லை. "இரு, கஞ்சி பொங்குது" என்று அடுப்படிக்கு ஓடினாள்.

அடேயப்பா! ராஜாக்களே என் காலில் விழுந்து கெஞ்சிய பூதம் நான். சாமைக் கஞ்சிக்காக என்னைக் காக்க வைத்துவிட்டாள்.

பாயில் அவள் புருஷன் தசரதன் கண்மூடிக் கிடந்தான். பாறைத் தேன் எடுப்பதில் ஜவ்வாது மலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இப்போது ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவே தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, நோயென்று எதுவும் இல்லையே என்று கையை விரித்துவிட்டார்கள்.

காந்தாவுக்குத்தான் அது தாங்கவில்லை. போன கார்த்திகையில் இதே பாயில் அவள் கிடந்தாள். இவள் பிழைக்க மாட்டாள் என்று உறவெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். நல்ல மருந்து என்றார்கள். அவள் எழுந்ததும் இவன் விழுந்தான்.

இன்று அவன் தலைமாட்டுத் துண்டைத் துவைக்க எடுத்தபோது, அதில் சுற்றியிருந்த செப்புச் சொம்பு உருண்டு வந்தது. பாறை இடுக்கில் எங்கேயோ கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கு ஒரு வரம்தான், கேள் என்றேன். உடனே கேட்பாள் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கதையில எல்லாம் கேட்டதைக் குடுத்துக் குடுத்தே கெடுக்கிறியே, அது இன்னாத்துக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி கண்ணும் கலங்கிவிட்டது. இத்தனை காலத்தில் என்னை ஒருவரும் கேட்காத கேள்வி அது. கொட்டித் தீர்த்துவிட்டேன்.

நான் எதையும் படைப்பவன் இல்லை, காந்தா. ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் வைப்பவன். தங்கம் கேட்ட ராஜாவுக்குப் பக்கத்து நாட்டுக் கஜானாவைத் தூக்கி வந்தேன். தங்கத்தின் பின்னாலேயே படையும் வந்தது. மழையெல்லாம் தன் வயலுக்கே வேண்டுமென்றான் ஒருத்தன். சுற்றுவட்டாரமே காய்ந்தது, இவன் வயல் அழுகியது. நூறு வயது கேட்டவன், கூடவே தெம்பையும் கேட்க மறந்து படுக்கையில் கிடந்தே நூறைத் தொட்டான். எங்கிருந்து வரும், யார் வயிறு எரியும், எவ்வளவு போதும் என்று யாராவது சொன்னார்களா? எல்லாம் வேண்டும், நிறைய வேண்டும், அவ்வளவுதான். பேராசை பிடித்த வாய்க்குக் கணக்குச் சொல்லப் பொறுமை இருக்காது.

நானோ அடிமை. மூடியைத் திறந்தவன் சொன்னதை மீற முடியாது. அவன் சொல்லாமல் விட்ட இடம் மட்டும்தான் எனக்கென்று இருக்கும் இடம். கட்டிப்போட்டு வேலை வாங்குகிறவனுக்கு மனசார எவன் கொடுப்பான்? அந்த இடத்தில் நின்றுதான் பழி தீர்த்துக்கொள்கிறேன்.

"பாவம்பா நீ" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

பிறகு பாயைப் பார்த்தாள். "ஆயுசு கேட்டா?"

அதையும் யாரிடமிருந்தாவது எடுத்தாக வேண்டும் என்றேன்.

எங்கிருந்தாவது எடு என்று இந்த இடத்தில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதற்காகத்தான் நானும் காத்திருந்தேன். காந்தா வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இவரு தேனடை எடுக்கசொல்ல முழுசா வழிக்க மாட்டாரு. ஈக்கு மிச்சம் வெச்சிட்டுதான் எறங்குவாரு. நீயும் அப்பிடி எடு. எனக்கு இருக்கிற ஆயுசுல பாதிய அவருக்குக் குடு, பாதிய எனக்கு வை. ரெண்டு பேரும் கைகாலு தெம்போட நடமாடணும். வேற ஒருத்தர் மேலயும் கை வெக்காத."

துருவித் துருவிப் பார்த்தேன். எங்கிருந்து என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு என்று சொல்லிவிட்டாள். யாரைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிட்டாள். நான் நிற்க அவள் துளி இடம் வைக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கொடுத்தேன்.

தசரதன் இருமினான். தானாகவே கையூன்றி எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றான். காந்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வலிக்கும்னு நெனச்சேன், ஒண்ணுமே தெரியல" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கஞ்சி எடுக்க ஓடினாள்.

எப்படித் தெரியும்? அவள் கொடுத்தது அவளுடையதே இல்லையே.

கார்த்திகையில் அவள் கிடந்தபோது, தேன் பிசுபிசுத்த கையோடு பாறை மேல் நின்று என்னைத் திறந்தவன் தசரதன். அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை. எங்கிட்ட இருக்கிற ஆயுசு எல்லாத்தையும் எடுத்து அவளுக்குக் குடு என்றான். எல்லாம் என்றால் எல்லாம்தான். ஆயுசு தேன் மாதிரி மெல்லத்தான் வடியும். இன்று காலை கடைசிச் சொட்டு வடிந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் தட்டு உருளும் சத்தம் கேட்டது. தசரதன் என்னைப் பார்த்தான். சொம்பைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டி, அவளிடம் சொல்லிவிடாதே என்று கைகூப்பினான்.

அவனுக்கான வரம் எப்போதோ முடிந்துவிட்டது. இதை நான் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஆனாலும் காந்தா கஞ்சியோடு வருவதற்குள் சொம்புக்குள் இறங்கி, மூடியை நானே இழுத்துச் சாத்திக்கொண்டேன்.