யோகமலருக்குப் பதிலாக

“ஆள் கிடைச்சிட்டு, மிஸ்ஸி. நாளைக்குக் காலம்பற முதல் பாதையில வருது.”

தலைமை எழுதுவினைஞர் தங்கராசா சொன்னதை யோகமலரால் நம்ப முடியவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஆசுபத்திரிக்குத் தனக்குப் பதிலாக யார் வருவார்? எறிகணைச் சத்தம் கேட்காத கிழமை இல்லை. வாவியைக் கடக்க இருப்பது ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவை ஒன்றுதான். பொழுது சாய்ந்தால் அதுவும் ஓடாது.

“போன முறையும் இப்பிடித்தானே சொன்னீங்க, அண்ணன்?”

“போன முறை வர இருந்த புள்ளைக்குப் போன் எடுத்தது யாரு? ‘ராவையில பதுங்குகுழிக்குள்ளதான் படுக்கோணும், பாம்பு வரும், டோர்ச் கொண்டு வா’ எண்டு சொன்னது யாரு? நீங்கதானே? பிறகு அவள் வருவாளா?”

“உள்ளதைச் சொல்லித்தானே ஒரு ஆளைக் கூப்பிடோணும்.”

“நல்லாக் கூப்பிட்டீங்க! அதுதான் இந்த முறை பேர் சொல்ல மாட்டன். வந்து கையெழுத்து வைச்ச பிறகு பாருங்க.”

யோகமலரும் அவளுடைய கணவர் நல்லரத்தினமும் ஒரே கல்லூரியில் பயின்ற தாதியர். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை இருவரும் இங்கேதான் வேலை செய்தார்கள். கொழும்பில் ஒரு பெரிய ஆசுபத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அவரைக் கேட்டபோது, யாருடைய வேலைக்கு முதலிடம் என்று இருவரும் இருந்து கதைத்தார்கள். கணவன் வேலை செய்யும் ஊருக்கு மனைவி மாற்றம் கேட்டால் முன்னுரிமை கிடைக்கும். ஆகவே அவர் முதலில் போவது, அவள் பின்னால் போவது என்று முடிவானது.

அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. அவர் புறப்பட்டபோது இங்கே தாதியர் மூன்று பேர். மூவரில் ஒருவரை விடலாம். பிறகு ஒருத்தி பயந்து வேலையை விட்டுப் போனாள். மிஞ்சியது யோகமலர் மட்டுந்தான். முதலில் போனவருக்கு இருந்த வசதி, பின்னால் போக இருந்தவளுக்கு இல்லாமல் போயிற்று.

இப்போது தாதிய ஆசிரியர் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். அதுவும் கொழும்பில்தான். முதலாந் தேதி போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. வயதெல்லையால் அவளுக்கு இனி இன்னொரு தடவை இல்லை.

“அவர் கொழும்பில இரிக்கிறார் எண்டு காட்டினது ஒண்டுக்கும் உதவல்லையே, அண்ணன்.”

“அது உங்களை உள்ளுக்கு எடுக்கிறவனுக்குச் சொல்ற நியாயம், மிஸ்ஸி. வெளிய விடுறவன், ‘அப்ப எனக்கு யாரு?’ எண்டுதான் கேப்பான். நாளைக்கு ஆள் வந்து, கடமையேற்றுக் கையெழுத்து வைக்கோணும். அதுக்குப் பிறகுதான் டொக்டர் உங்களை விடுவிப்பார். ஒழுங்கை மாத்தினா, வார்டு ஆளில்லாமக் கிடக்கும்.”

“வாற ஆளுக்கு இதால என்ன லாபம்?”

“ஒண்டுமில்ல, நட்டந்தான். கொழும்பில பொறுப்பு இடத்துக்கு அடுத்த ஆளா நிண்டாலும், தானாக் கேட்டு மாறி வந்தா அந்த இடம் போச்சு. திரும்பிப் போறதெண்டாலும் நம்மட கதைதான். பதிலுக்கு ஆள் தேடோணும்.”

யோகமலருக்கு மனம் கேட்கவில்லை. “ஐயோ! வீட்டில ஆக்கள் எப்பிடி விட்டாங்க?”

“வீட்டில சொன்னா விடுவாங்களா?” என்றார் தங்கராசா, பேனையை மூடியபடி.

“யாரோ ஒரு மகராசி. ஊர் பேர் தெரியாத ஒரு ஆளுக்கு இரிக்கிற இரக்கம் என்ட மனிசனுக்கு இல்ல, அண்ணன். போன கிழமை களுவாஞ்சிக்குடிக்குப் போய்ப் போன் எடுத்தன். ‘இனி அதைப் பத்திக் கதைக்காத, புள்ள’ எண்டிட்டு வைச்சிட்டார். நான் டியூட்டர் ஆகினா அவருக்கு மேல ஒரு படி. அது பொறுக்கல்ல.”

“அப்பிடியா சொன்னார்?”

“ஓம். அவர்ட வேலைக்காக ரெண்டு வருசம் நான் இஞ்ச தனியாக் கிடந்தன். என்ட முறை வந்தோடன கதைக்கக் கூடாதாம்!”

தங்கராசா கைலேஞ்சியை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் யோகமலர் தாதியர் விடுதி அறையைக் கழுவினாள். தன் நுளம்புவலையைத் துவைத்துக் காயப்போட்டாள். கொழும்புப் பழக்கத்தில் வருகிறவளுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று, கொதித்தாறிய நீரால் பானையை நிரப்பி வைத்தாள். கூடவே, வருகிறவளிடம் கேட்பதற்கு ஒரு மன்னிப்பையும் மனதுக்குள் ஆயத்தமாக வைத்தாள்.

மறுநாள் காலை வார்டில், காலில் காயத்துடன் கிடந்த வயற்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது பியோன் வந்து எட்டிப் பார்த்தார்.

“மிஸ்ஸி, ஆள் வந்திட்டு. கந்தோரில கையெழுத்து வைக்கிது. திறப்புகளை எடுத்திட்டு வரட்டாம்.”

கட்டை முடித்து, மருந்து அலுமாரிச் சாவிக் கோர்வையை எடுத்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகத் தங்கராசாவின் அலுவலக அறைக்குப் போனாள். மேசையில் குனிந்து கையெழுத்து வைத்துக்கொண்டிருந்த நல்லரத்தினம் நிமிர்ந்து பார்த்தார்.

“அலுமாரித் திறப்பத் தா, புள்ள,” என்று ஒரு கையை நீட்டியவர், மறு கையால் சட்டைப்பையிலிருந்து இன்னொரு திறப்பை எடுத்தார். “கொழும்பில என்ட அறைத் திறப்பு இந்தா. பாதை திரும்ப முதல் வெளிக்கிடு.”