சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு தாலாட்டு

“நீ உள்ள வராதம்மா. உன் வாசம் பட்டா பால் ஞாபகம் வந்துடும், தூங்கமாட்டான்” என்று சொல்லிவிட்டு நாத்தனார் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடு டீச்சருடையது, உள்ளே அழுகிற பிள்ளையும் டீச்சருடையது. கதவு மட்டும் கணவனின் அக்காவுக்கு எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் அழுகை ஏறி ஏறி இறங்கியது. பிறகு அந்த ஆங்கிலப் பாட்டு ஆரம்பித்தது. “ஸ்லோலி, லிட்டில் போட், ஸ்லோலி ஹோம்...” என்று தாழ்ந்த குரல், தொட்டில் போய் வருகிற தாளம். முதல் சுற்று சொல்லோடு, அடுத்தது பாதிக் குரலில், கடைசிச் சுற்று வெறும் ‘ம்ம்’. அது முடிவதற்குள் உள்ளே சத்தமே இல்லை.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. அது அவளுடைய பாட்டு! மழலையர் காப்பகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகளைப் பாயில் கிடத்தி, திரையை இழுத்துவிட்டு, நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் பாடிய பாட்டு. நாத்தனாரின் கடைக்குட்டியும் அந்த வகுப்பில்தான். கூட்டிப்போக வருகிறேன் என்று முன்கூட்டியே வந்து, கையில் போனோடு வாசலில் நிற்பாள். நின்று நின்றே பாட்டைத் திருடிவிட்டாள், கள்ளி.

“குரலா அது? தகரத்தைக் கீறற மாதிரி இருக்கு” என்றாள் கணவனிடம். “ரெண்டாவது அடி முடியறப்போ ஒரு செருமல் வேற. நேத்தும் அதே இடத்துல செருமினாங்க, இன்னிக்கும் அதே இடத்துல. பெரிய பாடகின்னு நினைப்பு!”

“எனக்கு நல்லாத்தான் இருக்கு. கேட்டா எனக்கே தூக்கம் வருது.”

“வரும், வரும். அக்காவாச்சே.”

“உனக்குத் தெரிஞ்ச பாட்டுதானே? நீயே பாடிடேன்.”

“பிள்ளைகிட்ட அம்மா தமிழ்ல, அப்பா இங்கிலீஷ்லன்னு முடிவு பண்ணினோமா இல்லையா? நான் மீறமாட்டேன். என் பிள்ளை என் தாலாட்டுலதான் தூங்கணும்.”

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலெல்லாம் பிள்ளை அத்தை வீட்டில். இப்படியே போனால், சாயங்காலம் தூக்கிக்கொள்ள நீட்டும் கையை அவன் யாருடையதோ என்று பார்ப்பான் என்கிற பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மதியம் அவளே தொட்டில் பக்கம் உட்கார்ந்தாள். “ஆராரோ ஆரிரரோ” என்று ‘ரோ’வை நீட்டி, நாக்கை உருட்டி ஆரம்பித்தாள். “வாசலிலே வெயில் நிற்க வரச்சொன்னேன் காற்றை இங்கே, ஓசையின்றி வந்து உன்னை ஊஞ்சலாட்டும் கண்வளராய்” என்று சொந்தமாகக் கட்டிய அடிகள். தாலாட்டில் உறவுகளை வரிசையாக அழைக்க வேண்டுமே, மாமனுக்கு ஒரு அடி, சித்திக்கு ஒரு அடி பாடினாள். அத்தையின் முறை வந்தது. தாண்டிப் போய்விட்டாள்.

பிள்ளை வீறிட்டான். அழுகிற வேகத்துக்குத் தொடங்கி, மெதுவாகக் குரலையும் தாளத்தையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் பக்கத்து அறையில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிற நினைப்பில் குரல் ஏறியது, தாளம் ஓடியது, தட்டிய கை அடிக்கிற கையாகிவிட்டது. தாலாட்டு பாட்டுப் போட்டியாக மாறினால் எந்தப் பிள்ளை தூங்கும்?

“கொஞ்சம் குடும்மா, நான் பாக்கறேன்” என்று நாத்தனார் வந்து நின்றாள்.

கொடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. அழுகை, பிறகு பாட்டு, பிறகு அமைதி.

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை. “வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று முனகிக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தாள்.

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் இருந்ததை அவசரமாகத் துண்டுக்குள் திணித்தாள்.

“அண்ணி, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல. சொல்லிடறேன். எனக்குப் பொறாமையா இருக்கு. பெத்தவ பாடினா கத்தறான், நீங்க பாடினா கண்ணை மூடறான். அவனை என்கிட்டயிருந்து பிடுங்கிக்காதீங்க.”

நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. “நானா பிடுங்கறேன்? வந்த நாள்லேருந்து நானும் பாடிப் பாத்துட்டேன். என் குரல் கேட்டாலே உதட்டைப் பிதுக்கறான். அத்தைகிட்ட இருக்கமாட்டேங்கறான்னு தெரிஞ்சா நீ அனுப்பமாட்டியேன்னுதான் கதவைச் சாத்திக்கிட்டேன். பொறாமைப்பட வேண்டியவ நான்.”

டீச்சர் நாத்தனாரின் வாயையே பார்த்தாள். அது மூடியிருந்தது. பாட்டு மட்டும் துண்டுக்குள்ளிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

“அப்ப இது... யார் பாடறது?”

“நீதாம்மா. இவனை வயித்துல வச்சுக்கிட்டு.”