பதிவில் விழுந்த சிரிப்பு

அமுதவல்லி ஒலிநூலுக்காக ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். மனைவியை மழையில் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்ட ஒருவன், அதைத் தானே சொல்லும் கதை. முதலில் அப்பாவிடம் தான் வாங்கிய அடிகளைச் சொல்கிறான். அமுதவல்லியின் குரல் இளகியது. பிறகு மனைவி கெஞ்சியதை நடித்துக் காட்டுகிறான்: "கதவைத் திறங்க, குளிருது." அவன் இழுத்த மாதிரியே இழுத்து வாசிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் பதிவு செய்துகொண்டிருந்த இமானுவேலும் சிரித்தான்.

முடித்துவிட்டுப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். கதை முழுவதிலும் அந்த மனைவி பேசுவது அந்த ஒரு வரிதான். அதுவும் அவன் வாயால்.

"இதை மட்டும் அவ சொல்ற மாதிரி வாசிக்கவா?"

"எழுதினவரே அதை அவன் கேலி பண்ற மாதிரித்தானேக்கா எழுதியிருக்கார்."

"ஆமா. நாம சிரிச்சிட்டு, ஐயோன்னு நிக்கணும்னுதான் எழுதியிருக்கார். நான் நிக்கலையே. அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்."

இமானுவேல் பதிவைப் பின்னோக்கி ஓட்டினான். "சிரிப்பை வெட்டிடறேன்," என்றான்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு தரம் போடச் சொன்னாள். மழையில் நின்றவள் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். உள்ளேயிருந்து அமுதவல்லி சிரித்தாள்.