சும்மா கிடக்கட்டும்

"அத்தை பொண்ணைப் பார்க்க ஊருக்குப் போயாச்சு. இன்னைக்கே அந்த ரூமைக் காலி பண்றேன்" என்றாள் மருமகள், வாசல் கதவைச் சாத்திய கையோடு.

புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "அம்மா ஏறின ஆட்டோ இன்னும் தெருமுனையே தாண்டியிருக்காது."

"எத்தனை நாள்தான் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கறது? நேத்து மீட்டிங்ல நான் வாயைத் திறந்தேன், அவங்க மிக்சியைப் போட்டாங்க. 'வீட்டுல விமானம் இறங்குதா'ன்னு கேட்கறார் மேனேஜர்!"

"பூட்டியில்ல இருக்கும்?"

"சாவியை என் லேப்டாப் மேலயே மறந்து வெச்சுட்டுப் போயிருக்காங்க, பாவம்."

அவள் கேட்டதெல்லாம் சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்தக் குட்டி அறையைத்தான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. ஆனால் அங்கே மாமியாரின் சேமிப்பு குடியிருந்தது. ஒருமுறை உள்ளே போன பூனை, வழி தெரியாமல் சுற்றி, மூன்று குட்டிகளோடுதான் வெளியே வந்தது என்பார்கள். பூனையை நான் பார்க்கவில்லை. குட்டிகளைப் பார்த்தேன்.

திறந்தாள். முதலில் பைகள். பெரிய பைக்குள் சின்னப் பை, அதற்குள் முக்கோணமாக மடித்த பைகள். மேலே கிழிந்தவை, அடியில் மடிப்புக் கலையாத புதுசுகள்.

"பாருங்க. தேவைன்னா கிழிசலைத்தான் எடுப்பாங்க. நல்லதை எதுக்காவது ஆகும்னு உள்ளே தள்ளுவாங்க. அந்த எதுக்காவது வரவே வராது."

அடுத்தது பாட்டில்கள். மூடியில்லாத பாட்டில், பாட்டில் இல்லாத மூடி.

"போன மாசம் சர்க்கரை கொட்ட டப்பா தேடினோமே! இத்தனையும் இங்கதான் இருந்தது. யார் இறக்கி யார் கழுவறதுன்னு புதுசா வாங்கினோம். அது வந்த பை... இதோ, இங்கயே இருக்கு!"

கடைசியில் துணித் துண்டுகள். ஒரு பச்சைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இது?"

"ஜன்னல் திரையில மிச்சமான துணி. திரை கிழிஞ்சா ஒட்டுப் போட."

"திரை எங்கே?"

"கிழிஞ்சுதுன்னு தூக்கிப் போட்டாச்சே."

எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாசலில் வைத்தாள். காலையில் குப்பை வண்டி வரும்.

காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. சாக்கைத் தூக்கப் போனவள், அதன் வாயில் எட்டிப் பார்த்த ஒரு பாட்டிலை வெளியே எடுத்தாள். "மூடி எவ்வளவு சிக்குன்னு பொருந்துது! பொத்தான் போட்டு வைக்கலாம்."

"நம்மகிட்ட ஏது பொத்தான்?"

"சட்டையில இருந்து விழாதா என்ன?"

"அந்தப் பச்சைத் துணி?"

"லேப்டாப் துடைக்க ஆகும்."

"நேத்து வேற பாட்டு பாடினே!"

"நேத்து அது அவங்க குப்பை. இப்போ போடற கை என் கை இல்லையா? இன்னைக்குப் போட்டுட்டு நாளைக்கே தேவைப்பட்டா? வெச்சிருந்தா சோறா கேட்குது?"

குப்பை வண்டிக்காரருக்குக் கிடைத்தது, விரிசல் விட்ட ஒரே ஒரு மூடி. அவர் அதையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மற்றதெல்லாம் திரும்பவும் உள்ளே போயிற்று, இந்த முறை அளவு வாரியாக. மருமகள் பழையபடி சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து வந்த மாமியார், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அந்த அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தை, ஒண்ணுகூடப் போடலை! அழகா அடுக்கி வெச்சிருக்கேன், பாருங்க" என்றாள் மருமகள் பெருமையாக.

மாமியார் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். "அடிப்பாவி! இதுல பாதி என் மாமியார் சேர்த்தது. நானும் போடணும் போடணும்னு எடுப்பேன், கை வராது. சும்மா கிடக்கட்டும்னு திரும்ப வெச்சுடுவேன். நீயாவது கண்ணை மூடிட்டுப் போடுவேன்னு நினைச்சேனே!"

"நீங்க... பொண்ணைப் பார்க்கத்தானே போனீங்க?"

"அவளைத்தான் தினம் போன்ல பார்க்கறேனே! உனக்குன்னு ஒரு ரூம் கிடைக்கட்டும்னு சாவியை உன் லேப்டாப் மேல வெச்சுட்டு, தூக்கத்துலகூட வாயை மூடாத அவ மாமியாரோட ஒரு வாரம் ஒரே ரூம்ல படுத்து எழுந்து வர்றேன்டி!"