வெண்சுடர் சோப்பு

டெம்போவின் தார்ப்பாயை விலக்கியதும் ரகுநாதனுக்குக் குஷி பிறந்துவிட்டது. உள்ளே அடுக்கடுக்காகச் சோப்புப் பெட்டிகள். டிரைவர் கையில் பில் இல்லை.

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் சாலையில் இருந்த விற்பனைவரிச் சோதனைச்சாவடிக்கு அன்றைக்கு அவர்தான் ராஜா. போன மாதம் காலி டின் என்ற பேச்சை நம்பி ஒரு லாரியை விட்டார். டின் நிறைய எண்ணெய். மெமோ வந்தது. இன்னொரு முறை ஏமாந்தால் வேலைக்கே உலை.

"சோப்பு இல்ல சார், இது சிற்பம்," என்றாள் டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கிய சுசீலா. ஓவியக் கல்லூரியில் படித்தவளாம். நாளைக் காலை பெங்களூரில் கண்காட்சி திறப்பு.

"யாருகிட்டம்மா கதை விடறே? வெண்சுடர் சோப்பு எனக்குத் தெரியாதா? எங்க ஊட்லயே அதான். டி.வி.ல தெனம் காட்டறானே!"

சுசீலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பரீட்சை முடிவு பார்க்கிறவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்தாள்.

டிரைவர் வேம்புலி ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். "சோப்பு இருந்தா இப்டி தூக்க முடியுமா சார்? காத்தாட்டம் கீது."

ரகுநாதன் விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக்கென்றது. அட்டை இல்லை, பிளைவுட். மஞ்சள் அடி, சிவப்பு எழுத்து, நீல நட்சத்திரத்துக்குள் 'புதிது! கூடுதல் நுரை!'. எல்லாம் அச்சு அசல்.

அவருக்குள் இருந்த அதிகாரி கொஞ்சம் நகர்ந்து வேடிக்கை பார்க்கிறவருக்கு இடம் விட்டார். எப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஷெட்டிலேயே செய்ததாகச் சொன்னாள். தச்சர் ஒரே அளவில் பெட்டி அடித்துக் கொடுத்தார். மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, மீதித் துளைகள் வழியாக ரப்பர் பட்டையால் மையை இழுத்துப் பலகைமேல் இறக்கினாள். ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டம். ஒரு பெட்டியில் சிவப்பு நூலளவு நகர்ந்திருந்தது. அவர் அதையும் கண்டுபிடித்தார்.

"கடையில சும்மா கிடைக்கிற பெட்டிய எதுக்கும்மா மெனக்கெட்டுச் செய்யணும்?"

அமெரிக்காவில் முப்பது வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள் என்றாள். சாமியையும் ராஜாவையும் வரைந்த இடத்தில் சூப் டின்னையும், பாத்திரம் தேய்க்கும் சோப்பு நார்ப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்களாம். தொழிற்சாலை மாதிரியே ஒன்றைப்போல ஒன்றாக அச்சடித்தார்களாம். ஜனங்கள் தினமும் கும்பிடுவது இப்போது எதை என்று காட்டத்தான். பாப் ஆர்ட் என்று அதற்குப் பெயர்.

"அவங்க கடையில இருந்ததையே எடுத்தாங்க சார். பெட்டியோட வேல, ஆசையக் கெளப்பறதுதான். உள்ள இருக்கற சோப்ப எடுத்துட்டா, மீதி ஆசை மட்டும்தானே?"

அதெல்லாம் இருக்கட்டும், மெமோவுக்கு என்ன பதில்? ரகுநாதன் கடப்பாரை கேட்டார். சுசீலாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சிவப்பு நகர்ந்த பெட்டியை அவளே கவிழ்த்துக் கொடுத்தாள். அடிப்பலகை பெயர்ந்தது. உள்ளே வெறும் மரவாசனை.

'காலி மரப்பெட்டிகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பினார். அதற்குள் இருட்டிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் துலுக்கானம் மளிகைக் கடையில் நின்றார். மத்தியானம் முழுக்க அந்த மஞ்சளும் சிவப்பும் கண்ணிலேயே நின்றதால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"வெண்சுடர் சோப்பு ரெண்டு குடுப்பா."

"அப்டி ஒரு சோப்பே கெடையாது சார்."

"தீந்துபோச்சா?"

"தீர்றதுக்கு இன்னா கீது? இருவது வருசமா சோப்பு ஏஜென்சி எடுத்துகினு கீறேன். அந்தப் பேர்ல எவனும் போடல."

ரகுநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோப்பே கிடையாது என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை உடைத்திருக்க வேண்டாம். வாயெடுத்தவள் ஏன் சொல்லாமல் விட்டாள் என்று இப்போதுதான் புரிந்தது. பெட்டியைப் பார்த்தே இல்லாத சோப்பை அவர் நம்பிவிட்டதுதான் அவளுக்கு வேண்டிய பரீட்சை முடிவு. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வீட்டில் மனைவி கண்ணம்மாவிடம் சொன்னார், வெண்சுடர் சோப்பு கேட்டேன், கடையில் இல்லை என்று மட்டும்.

"அடடா," என்றாள் கண்ணம்மா. "அது நல்லா நுரைக்குமே."