பெற்றவர் பெயர் இல்லாமல்

"பெத்தவங்க பேரே இல்லாம ஒரு நிச்சயதார்த்த அறிவிப்பா?" அம்மா கொதித்துப்போனாள்.

மகளும் மாப்பிள்ளையும் எழுதிக் காட்டியதில் அவர்கள் பெயரும், "எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது" என்ற வரியும், கோத்த கைகளின் படமும்தான் இருந்தன. ஊர், தேதி, வீட்டார் விவரம் எதுவும் இல்லை. இரண்டு வீட்டாரும் சரி என்றால்தான் பதிவிடுவது என்று பேச்சு.

"எங்க வீட்லயும் பேரு வேண்டாம்னாங்க அத்தை," என்றான் மாப்பிள்ளை. "தங்கச்சிக்கு விவாகரத்து வழக்கு நடக்குது. அந்தாளு மோப்பம் பிடிச்சு வந்து வம்பு பண்ணுவான்."

"அது உங்க வீட்டு விஷயம். எங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

"விட்டுடும்மா," என்றாள் மகள்.

"அதான் சொல்றாளே, விடேன்," என்று அப்பாவும் முனகினார்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. மறுநாள் காலையில் அம்மா யாரையும் கேட்காமல் தானே ஒரு பதிவு போட்டாள். கணவரின் முழுப்பெயர், அலுவலகம், குடும்பப் படம் எல்லாம் அதில் இருந்தன.

மதியத்துக்குள் முப்பது வாழ்த்துகள் வந்தன. அவற்றைப் பெருமையாக வாசித்துக்கொண்டே வந்தவள், முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியதில் நின்றாள்.

"வாழ்த்துகள் அக்கா. படத்துல இருக்கற உங்க அப்பாதான் எனக்கும் அப்பா. மாசாமாசம் வெளியூர் வேலைனு கிளம்பி எங்க வீட்டுக்குத்தான் வர்றார்."

அம்மா மகளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"போன வருஷமே தெரியும்மா. நீ தலை குனியக் கூடாதுனுதான் பேரு வேண்டாம்னேன்."

அம்மா பதிவை அழிக்கவில்லை. கணவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"படிங்க. சத்தமா படிங்க."