எட்டாவது வெடி

"எட்டு," என்றார் ட்ரெவின் துரை. "எட்டும் வெடிச்சுது. உள்ளே போ."

யாரும் நகரவில்லை.

ஊரிகத்துக்கு அருகே ஒரு தங்கச் சுரங்கம். வருடம் 1896. வெடி வைத்த இடத்திலிருந்து எண்பது கெஜம் தள்ளி, ஒரு திருப்பத்தில் பதுங்கி நின்றார்கள். எட்டுக் குழிகளில் மருந்து கெட்டித்து, எட்டுத் திரிகளைக் கொளுத்தியிருந்தார்கள். ஏசுபாதம் எண்ணியது ஏழு வெடி.

ஒன்று வெடிக்காமல் பாறைக்குள் இருந்தால், அடுத்த துளை போடும்போது வெடிக்கும். துளைக்கம்பியைப் பிடிப்பவன் அவன். சம்மட்டி அடிப்பவன் அவன் தம்பி.

"மேஸ்திரி," என்று கிசுகிசுத்தான் ஏசுபாதம். "ஏழுதான் கேட்டுச்சு."

மாணிக்கராஜ் மேஸ்திரி திரும்பவில்லை. "தொரை எட்டுன்றாரு."

"நீங்க இன்னா எண்ணுனீங்க?"

மேஸ்திரி கைகளைக் காட்டினார். வெடி நேரத்தில் விரல் மடக்குவது அவர் வழக்கம். எட்டு விரல்கள் மடங்கியிருந்தன.

"தொரைக்கு மேல நீ எண்றியா? கம்பி புடிக்க வந்து ஆறு மாசம் ஆவல."

பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. "ட்ரெவின்! ஏழு! நான் கேட்டேன், ஏழு!"

பாறை சரியாமல் முட்டுக்கட்டை அடிக்கும் இத்தாலிக்காரன் பியேத்ரோ. தொப்பியைக் கழற்றவில்லை. துரை என்றும் சொல்லவில்லை.

துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புட்றான் பாரு," என்றார் மேஸ்திரி. "மூஞ்சி குடுப்பாரா தொரை?"

பியேத்ரோ காறித் துப்பினான். "நான் நாயா? பதில் இல்லை? போகமாட்டேன்." கால் நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

தம்பி சம்மட்டியைத் தோளில் வைத்தான். "வாண்ணா. தொரை மொறைக்கிறாரு."

ஏசுபாதம் அசையவில்லை.

"நீ ஏன் போகலே?" துரை அவன் முன்னால் வந்து நின்றார்.

ஏசுபாதம் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினான். தலை குனிந்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அய்யா... ஏழுங்க."

"கையை எடு!"

இன்னும் குனிந்தான். கை இன்னும் இறுகியது. "தப்பா இருந்தா மன்னிக்கணும். ஏழுங்க."

"கையை எடு, மடையா!"

துரை அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மோவாயைத் தூக்கினார். தன் தொப்பியில் களிமண்ணால் ஒட்டியிருந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கி அவன் முகத்தருகே கொண்டுவந்தார். தம்பியின் சம்மட்டி நழுவி விழுந்தது. மேஸ்திரி ஓடி வந்து துரையின் காலைத் தொட்டார்.

"வேணாம் தொரை! நாட்டுப்புறத்தான். பேசத் தெரியாது. நான் பாத்துக்கிறேன்!"

"சொல்லு," என்றார் துரை.

ஒரு துரையின் கண்ணை ஏசுபாதம் அதுவரை நேராகப் பார்த்ததில்லை. சாம்பல் நிறம். அவை அவன் கண்களைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே பார்த்தன.

"ஏழு," என்றான். மரியாதை எதையும் சேர்க்க வாய் வரவில்லை.

துரையின் பிடி தளர்ந்தது.

"ஏழா?" மேஸ்திரியைப் பார்த்தார். அந்த விரல்களைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். யாரும் போகக்கூடாது."

ஒரு மணி நேரம் கழிந்தது. பிறகு துரை தானே போனார். பியேத்ரோவைக் கையசைத்துக் கூட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் பாதி எரிந்த திரித்துண்டு ஒன்று இருந்தது.

"இடது மூலை. அடியில," என்றான் பியேத்ரோ. "மருந்து முழுசா இருக்கு."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

துரை மேஸ்திரியைத் திருப்பத்துக்கு அப்பால் இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தியதாக நினைத்துத்தான் பேசினார். எல்லோருக்கும் கேட்டது.

"ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னைக் கப்பல் ஏத்திடுவான். எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமா. வாயைப் பாத்துத்தான் பேச்சு. வெடிக்கு உன் விரலைப் பாத்துத்தான் கணக்கு. நீ ஏன் எட்டு மடக்கினே?"

மேஸ்திரி தலைப்பாகையை எடுத்தார். குனிந்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் எண்றதே இல்லீங்க தொரை. நீங்க எட்டுக் குழி வைக்கச் சொன்னீங்க. அதுல ஒண்ணு கொறச்சு மடக்கினா, உங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

துரை மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தபடி, அந்தக் கை விலகுவதற்காகக் காத்திருந்தார்.